நியூயார்க்கும் லண்டனும் ஒரே நாளில் கடிகாரம் மாற்றுவதில்லை: தங்க விலை நிரலில் நேரமும் தேதியும்

கேள்வி: "நெல்லை டவுனில் மாமாவின் நகைக்கடைக்காக லண்டன், நியூயார்க், ஷாங்காய், எம்.சி.எக்ஸ் தங்க விலைகளை எடுத்து ஷீட்டில் போட்டு, டெலிகிராமில் அனுப்பும் சின்ன பைத்தான் நிரல் ஜூலையில் எழுதினேன். க்ரானில் எல்லாமே நம் நேரம்தான். அக்டோபர் கடைசியில் லண்டன் விலை பழையதாக வந்தது, அடுத்த வாரம் நியூயார்க்கும். இரண்டையும் ஒரு மணி நேரம் தள்ளினேன், சரியானது. இப்போது மார்ச் 9-லிருந்து நியூயார்க் செய்தி மட்டும் ஒரு மணி நேரம் தாமதம், லண்டன் சரியாக இருக்கிறது. மார்ச்சில் ஒரு மணி குறை, நவம்பரில் கூட்டு என்கிறார் நண்பர். அது போதுமா?" கேள்வியோடு நீங்கள் இணைத்திருந்த க்ரான் வரிகளையும் பார்த்தேன்.

போதாது. இப்போதே இரண்டையும் ஒரு மணி குறைத்தால் நியூயார்க் சரியாகும், லண்டன் கெட்டுப்போகும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உங்கள் க்ரான் வரிகளில் தெரிகிறது. மணி பிசகியதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆனால் நவம்பரிலிருந்து ஷீட்டில் தேதியும் பிசகியிருக்கிறது. அதை யாரும் கவனித்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் வரிசை முழுமையாகத்தான் இருக்கும். தரகு நிறுவனங்களுக்கு விலைத் தரவு சேகரிக்கும் நிரல்களைப் பராமரிப்பதுதான் பல வருடமாக என் வேலை. யாராவது நேர வித்தியாசம் பற்றிக் கேட்டால் நான் முதலில் தேடுவதே இந்தத் தேதிப் பிசகைத்தான்.

முதலில் மணிக் கணக்கு. நம் கடிகாரம் வருடம் முழுக்க யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கும். ஷாங்காய் எட்டு மணி நேரம் முன்னால், அதுவும் மாறாது. லண்டனும் நியூயார்க்கும் வருடத்தில் இரண்டு முறை மாறும், ஆனால் ஒரே நாளில் மாறுவதில்லை. அமெரிக்கா 2007 முதல் மார்ச் இரண்டாவது ஞாயிறு கோடை நேரத்துக்குப் போய், அதாவது கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்புகிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு போய், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்புகிறது. 2026-இல் அமெரிக்கா மார்ச் 8, நவம்பர் 1. பிரிட்டன் மார்ச் 29, அக்டோபர் 25. ஆகவே மார்ச்சில் மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் இரண்டு ஊருக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகக் குறைந்துவிடும். நீங்கள் இப்போது அந்த மூன்று வாரத்துக்குள் இருக்கிறீர்கள்.

இதை உங்கள் இரண்டு விலைகளில் வைத்துப் பார்ப்போம். லண்டனில் எல்.பி.எம்.ஏ தங்க விலைக்கு ஒரு நாளில் இரண்டு ஏலம், லண்டன் நேரம் காலை 10:30-க்கும் மாலை 3:00-க்கும். நீங்கள் எடுப்பது மாலை விலை. லண்டன் குளிர்கால நேரத்தில் இருந்தால் அது நமக்கு இரவு 8:30, கோடை நேரத்தில் இருந்தால் 7:30. நியூயார்க்கில் காமெக்ஸ் சந்தைத் தங்கத்தின் செட்டில்மென்ட் விலை, அதாவது அன்றைய அதிகாரபூர்வ முடிவு விலை, அவர்கள் மதியம் 1:30 மணி வியாபாரத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. கோடையில் அது நமக்கு இரவு 11:00. குளிர்காலத்தில் சரியாக நள்ளிரவு 12:00. இந்தப் பன்னிரண்டு மணியில்தான் உங்கள் ஷீட்டின் சிக்கல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது.

ஜூலையில் நீங்கள் எழுதிய வரிகள் லண்டனுக்கு 19:40, நியூயார்க்குக்கு 23:10. இரண்டும் அப்போது சரி. 2025 அக்டோபர் 26-ஆம் தேதி லண்டன் திரும்பியது. அந்த வாரம் 19:40-க்கு நிரல் ஓடியபோது மாலை ஏலம் தொடங்கவே இல்லை. அதனால் முந்தைய நாள் விலை கிடைத்தது. நவம்பர் 2-ஆம் தேதி நியூயார்க் திரும்பியது, 23:10-க்கு அங்கே செட்டில்மென்ட் ஆகியிருக்கவில்லை, மறுபடி முந்தைய நாள் விலை. நீங்கள் ஒரு மணி நேரம் தள்ளினீர்கள். லண்டன் 20:40 ஆனது, அதில் குறையில்லை. நியூயார்க் வரி இப்படி ஆனது:

```
10 0 * * 1-5  python3 comex.py
```

கடைசியில் உள்ள `1-5` திங்கள் முதல் வெள்ளி வரை. ஆனால் நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் கிழமையும் தாண்டிவிட்டது. நியூயார்க் திங்கட்கிழமை விலை நமக்குச் செவ்வாய் 00:10-க்கு எடுக்கப்படுகிறது. உங்கள் நிரல் வரிசையின் தேதிக்கு `date.today()` போடுவதால் அது செவ்வாய் என்று பதிவாகும். செவ்வாய் விலை புதன் என்று, அப்படியே வியாழன் விலை வெள்ளி என்று. வெள்ளி விலையை எடுக்க சனிக்கிழமை ஓட வேண்டும், ஓடாது. திங்கள் அதிகாலை 00:10-க்கு ஓடும்போது நியூயார்க்கில் ஞாயிறு மதியம், சந்தையே இல்லை. மூலத்தில் கிடைக்கும் கடைசி விலை வெள்ளியுடையது, அது திங்கள் என்று பதிவாகும். வாரத்துக்கு ஐந்து வரிசை, ஐந்து தேதி, ஐந்து வெவ்வேறு விலை. பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வியாபார நாள் தள்ளி நிற்கிறது. லண்டன் விலையோடு தேதி வாரியாக ஒப்பிட்டு ஏதாவது கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு நவம்பரிலிருந்து தவறு. இந்த மார்ச்சிலும் சரியாகவில்லை. செட்டில்மென்ட் 11:00-க்கே முடிந்துவிட்டாலும் நீங்கள் 00:10-க்குத்தானே எடுக்கிறீர்கள், தேதி இன்னும் மறுநாள்தான். உறுதி செய்ய வேண்டுமானால் கடந்த ஜனவரியில் ஏதோ ஒரு வாரத்தை எடுத்து, மூலத்தின் தளத்தில் இருக்கும் பழைய விலைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்குத் தீர்வாக `1-5`-ஐ `2-6` ஆக்கலாம், தேதியில் ஒன்று கழிக்கலாம், மார்ச்சில் திரும்ப மாற்றலாம். ஆனால் அப்படிச் செய்தால் வருடத்தில் நான்கு முறை யாரோ ஒருவர் ஞாபகம் வைத்து, சரியான ஞாயிற்றுக்கிழமையில், சரியான வரியை மட்டும் மாற்ற வேண்டும். அதை விட்டுவிடுங்கள். நம் நேரத்துக்கு மாற்றிய மணியை எங்கேயுமே எழுதி வைக்கக் கூடாது என்பதுதான் நான் கடைப்பிடிக்கும் வழி. "நியூயார்க் மதியம் 1:30" என்பது வருடம் முழுக்க மாறாத உண்மை. "நம் நேரம் இரவு 11" என்பது அந்த உண்மையிலிருந்து ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு எடுக்க வேண்டிய விடை. மாறாததை எழுதி வைத்து, மாறுவதை இயந்திரத்திடம் விட்டால் போதும். அமெரிக்கா எப்போது மாறும், பிரிட்டன் எப்போது மாறும் என்கிற விதிகள் எல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நேரமண்டலத் தரவில் உண்டு. பைத்தான் 3.9 முதல் `zoneinfo` அதைப் படிக்கும்.

```python
from datetime import date, datetime, time
from zoneinfo import ZoneInfo

NY = ZoneInfo("America/New_York")
IN = ZoneInfo("Asia/Kolkata")

for d in (date(2026, 3, 6), date(2026, 3, 9)):
    t = datetime.combine(d, time(13, 30), tzinfo=NY)
    print(t.astimezone(IN))
```

இதை ஓட்டினால் முதல் வரி `2026-03-07 00:00:00+05:30` என்றும் இரண்டாவது `2026-03-09 23:00:00+05:30` என்றும் வரும். மார்ச் 6, வெள்ளிக்கிழமை விலை நமக்குச் சனிக்கிழமை பிறக்கும்போது வருகிறது. மார்ச் 9, திங்கள் விலை திங்கள் இரவே வருகிறது. மணியும் தேதியும் ஒன்றாகப் புரண்டது இந்த இரண்டு வரியில் தெரியும்.

மண்டலத்தின் பெயரை எப்போதும் இப்படி ஊர்ப் பெயராகவே கொடுங்கள். `EST` என்று கொடுத்தால் வருடம் முழுக்க ஐந்து மணி பின்னால் என்றே கணக்காகும், கோடை நேரம் அதில் வராது. பழைய `pytz` நூலகத்தை உபயோகிக்கும் எடுத்துக்காட்டுகள் இணையத்தில் நிறைய கிடக்கின்றன. அதில் மண்டலத்தை நேரடியாக `tzinfo=` என்று கொடுத்தால் `Asia/Kolkata`-வுக்கு +05:30 வராது, +05:53 வரும். அது பழைய கல்கத்தா உள்ளூர் நேரம். விலை நேரங்கள் 23 நிமிடம் பிசகி நிற்பதைப் பார்த்தால் காரணம் அநேகமாக இதுதான். விண்டோஸில் ஓட்டுவதாக இருந்தால் `pip install tzdata` செய்துகொள்ளுங்கள், அங்கே கணினியோடு அந்தத் தரவு வருவதில்லை.

அடுத்தது க்ரான். சந்தைக்கு ஒரு வரி என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, எல்லாக் கிழமையும், ஒரே நிரலை ஓட விடுங்கள். "இப்போது எந்த விலை வந்திருக்க வேண்டும், அதை நான் எடுத்துவிட்டேனா?" என்று அந்த நிரல் தானே கேட்டுக்கொள்ளட்டும்.

```python
from datetime import datetime, time, timedelta, timezone
from zoneinfo import ZoneInfo

EVENTS = [
    ("london_pm",    time(15, 0),  "Europe/London"),
    ("comex_settle", time(13, 30), "America/New_York"),
]

def due(now_utc, t, zone, wait=timedelta(minutes=20)):
    z = ZoneInfo(zone)
    d = now_utc.astimezone(z).date()
    at = datetime.combine(d, t, tzinfo=z).astimezone(timezone.utc)
    return d, d.weekday() < 5 and now_utc >= at + wait
```

`now_utc`-க்கு `datetime.now(timezone.utc)` கொடுங்கள். `datetime.now()` என்று மொட்டையாகக் கொடுத்தால் கடைக் கணினியில் நம் நேரமும், நாளைக்கு வாடகை சர்வருக்கு மாற்றினால் அநேகமாக யூடிசியும் வரும். ஐந்தரை மணி நேரம் ஒரே நாளில் நகர்ந்துவிடும். இந்தச் சின்ன நிரலில் முக்கியமானது `d`. அது நம் தேதி இல்லை, அந்தச் சந்தை இருக்கும் ஊரின் தேதி. ஷீட்டில் வரிசைக்கு இந்தத் தேதியைத்தான் போட வேண்டும். கிழமையைப் பார்ப்பதும் இந்தத் தேதியை வைத்துத்தான்; அதனால் வெள்ளி விலையை நம் சனிக்கிழமை அதிகாலையில் எடுத்தாலும் அது வெள்ளி என்றே பதிவாகும். நிகழ்வின் பெயரும் இந்த `d`-யும் சேர்ந்த ஜோடி ஷீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடினாலும் ஒரு விலை ஒரு முறைதான் பதிவாகும், டெலிகிராம் செய்தியும் ஒன்றுதான் போகும்.

இந்த அமைப்பில் இன்னொரு லாபம் உண்டு. கடையை இரவு பத்து மணிக்குப் பூட்டும்போது கணினியை அணைத்துவிடுகிறார்கள், அல்லது ராத்திரி கரண்ட் போய்விடுகிறது என்று வையுங்கள். பழைய முறையில் 23:10 தவறினால் அன்றைய விலை தவறியதுதான். புதிய முறையில் காலை எட்டு மணிக்குக் கணினியைப் போட்டதும் நிரல் பார்க்கும்: நியூயார்க்கில் இன்னும் நேற்றைய தேதிதான் நடக்கிறது, செட்டில்மென்ட் முடிந்துவிட்டது, ஷீட்டில் இல்லை. உடனே எடுத்து நேற்றைய தேதியில் போட்டுவிடும். நியூயார்க் நள்ளிரவு நமக்குக் கோடையில் காலை 9:30, குளிர்காலத்தில் 10:30. அதுவரை அவகாசம் இருக்கிறது. அதற்குப் பிறகும் பிடிக்க வேண்டுமானால் `d`-யோடு முந்தைய இரண்டு மூன்று நாட்களையும் சேர்த்துச் சோதிக்கும்படி நீட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்போது மூலம் பழைய தேதியின் விலையைக் கேட்டால் தருமா என்று பார்க்க வேண்டும்.

இருபது நிமிடக் காத்திருப்பு நான் போட்ட உத்தேச அளவு. லண்டன் ஏலம் மூன்று மணிக்குத் தொடங்குகிறது, வாங்குவதும் விற்பதும் சமன் ஆகும்வரை அரை நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது, பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த விலை உங்கள் மூலத்துக்கு எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பது மூலத்துக்கு மூலம் வேறுபடும். ஆகவே நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். மூலம் விலையோடு வியாபாரத் தேதியையும் தருகிறது என்றால், அது `d`-யோடு பொருந்தினால் மட்டும் பதிவு செய்யுங்கள், பொருந்தாவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்க்கட்டும். விடுமுறையையும் இதே சோதனை பிடித்துவிடும். உதாரணமாக டிசம்பர் 24, 31 தேதிகளில் லண்டனில் மாலை ஏலம் கிடையாது, காலை மட்டும்தான். தேதி பொருந்தாததால் நிரல் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு எதையும் எழுதாது, அதுதான் சரி. உங்கள் பழைய நிரல் அந்த இரண்டு நாளிலும் முந்தைய விலையையே திரும்பப் பதிவு செய்திருக்கும்.

மூலம் தேதி தராமல் நேரமுத்திரை மட்டும் தந்தால், அது எந்த ஊர் நேரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆவணத்தில் எழுதியிருந்தாலும் தரவை வைத்தே ஒரு முறை சோதித்துவிடுவது என் வழக்கம். காமெக்ஸ் தங்கத்துக்கு அதற்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. மின்னணு வர்த்தகம் ஏறக்குறைய நாள் முழுக்க நடந்தாலும், நியூயார்க் நேரம் மாலை 5 முதல் 6 வரை தினமும் ஒரு மணி நேரம் நின்றுவிடும். ஜனவரியில் ஒரு நாள், ஜூலையில் ஒரு நாள் என்று நிமிட வாரித் தரவை எடுத்து, அந்த வெற்றிடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இரண்டிலும் 17:00-க்கு விழுந்தால் முத்திரை நியூயார்க் நேரம். ஜனவரியில் 22:00, ஜூலையில் 21:00 என்றால் யூடிசி. ஜனவரியில் 03:30, ஜூலையில் 02:30 என்றால் நம் நேரம். ஜனவரியில் 17:00, ஜூலையில் 16:00 என்று வந்தால் கோடை நேரத்தைக் கணக்கில் எடுக்காத நிலையான ஐந்து மணிப் பின்னடைவு. சில மூலங்கள் இப்படித்தான் தருகின்றன, பெயரில் மட்டும் நியூயார்க் என்று இருக்கும். ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கடைசி வகையைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் இரண்டு மாதம்.

எம்.சி.எக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சந்தை, நம் நேரம், அதனால் மாறாது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தங்கம் போன்ற உலோகங்களுக்கு அதன் முடிவு நேரம் அமெரிக்கக் கடிகாரத்தோடு சேர்ந்து மாறுகிறது. அமெரிக்கா கோடை நேரத்தில் இருந்தால் இரவு 11:30, இல்லாவிட்டால் 11:55. இதையும் நியூயார்க் செட்டில்மென்ட் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடையில் நியூயார்க் செட்டில்மென்ட் 11:00-க்கு முடிந்த பிறகும் எம்.சி.எக்ஸ் அரை மணி நேரம் திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் எம்.சி.எக்ஸ் 11:55-க்கு மூடி ஐந்து நிமிடம் கழித்துத்தான் நியூயார்க் செட்டில்மென்ட். வரிசையே தலைகீழாகிவிடுகிறது. "எம்.சி.எக்ஸ் மூடியதும் இரண்டையும் எடுத்து வித்தியாசம் பார்" என்று எழுதிய நிரல் கோடை முழுக்கச் சரியாக ஓடி, நவம்பரில் இன்றைய எம்.சி.எக்ஸ் விலையை நேற்றைய நியூயார்க் விலையோடு ஒப்பிடத் தொடங்கும். இரண்டும் தனித்தனியாகப் பதிவாகி, ஒரே வியாபாரத் தேதிக்கு இரண்டும் வந்து சேர்ந்த பிறகுதான் வித்தியாசம் கணக்கிடப்பட வேண்டும்.

எம்.சி.எக்ஸ் முடிவு நேரத்தை நிரலில் கணக்கிட, அன்றைய நியூயார்க் நேரத்தின் `.dst()` பூஜ்யமா இல்லையா என்று பார்த்தால் போதும். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். நியூயார்க் கடிகாரம் எந்த நாளில் மாறும் என்பது அமெரிக்கச் சட்டம், நேரமண்டலத் தரவில் இருக்கிறது, நம்பலாம். எம்.சி.எக்ஸ் எத்தனை மணிக்கு மூடும் என்பது அந்த எக்ஸ்சேஞ்ச் சுற்றறிக்கையில் அறிவிப்பது, எந்த நேரமண்டலத் தரவிலும் இருக்காது. அவர்கள் மாற்றினால் நீங்கள்தான் கையால் மாற்ற வேண்டும். சந்தை வேலை நேரங்கள் எல்லாமே இந்த இரண்டாவது வகைதான். டோக்கியோ பங்குச் சந்தை 2024 நவம்பர் 5 முதல் முடிவு நேரத்தை மாலை 3:00-லிருந்து 3:30 ஆக்கியது. ஜப்பானில் கோடை நேரமே கிடையாது, ஆனாலும் பழைய மணியை எழுதி வைத்த நிரல்கள் அன்று அரை மணி நேரம் முன்பே நின்றன. நம்மூர் தீபாவளி முகூர்த்த வர்த்தகமும் அப்படித்தான். 2023-இல் அது ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது, 2025-இல் மாலையிலிருந்து பிற்பகலுக்கு வந்துவிட்டது. மேலே கொடுத்த `weekday() < 5` அந்த ஞாயிறைத் தவறவிடும். இப்படிப்பட்ட நாட்களுக்கு விதியை வளைக்காமல், விதிவிலக்குத் தேதிகளுக்கு என்று ஒரு சின்னப் பட்டியல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை நேர விதிகளும் என்றென்றைக்கும் நிலையானவை இல்லை. மெக்சிகோ 2022-இல் பெரும்பகுதி நாட்டில் கோடை நேரத்தையே விட்டுவிட்டது, எகிப்து 2023-இல் திரும்பக் கொண்டுவந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் இந்த மாற்றத்தை நிறுத்த ஆதரவாக வாக்களித்தது, அமெரிக்க செனட் 2022-இல் நிரந்தரக் கோடை நேரத்துக்கு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. நாளை ஏதாவது ஒன்று வந்தால், ஊர்ப் பெயர் வைத்து எழுதிய நிரலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது நேரமண்டலத் தரவைப் புதுப்பிப்பது மட்டும்தான். கடைக் கணினியில் வருடக்கணக்கில் அப்டேட் போடாமல் விட்டால் அதுவும் நடக்காது.

மாற்றி எழுதிய பிறகு சோதிக்க மார்ச்சும் நவம்பரும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். `due`-வுக்கு நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி நான் எழுதியதே அதற்காகத்தான். மாற்றத்துக்கு முந்தைய வெள்ளியையும் அடுத்த திங்களையும் ஜோடி ஜோடியாகக் கொடுத்துப் பாருங்கள்: மார்ச் 6, 9, மார்ச் 27, 30, அக்டோபர் 23, 26, அக்டோபர் 30, நவம்பர் 2. ஒவ்வொன்றுக்கும் லண்டன் மாலை விலையும் நியூயார்க் செட்டில்மென்ட்டும் நம் நேரத்தில் எப்போது என்று அச்சிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக மூன்றரை மணி நேரம். மார்ச் 9, 27, அக்டோபர் 26, 30 ஆகிய நான்கு நாளில் மட்டும் இரண்டரை வர வேண்டும். எட்டிலும் மூன்றரையே வந்தால் எங்கோ நிலையான வித்தியாசத்தை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இடைவெளியைக் கழித்துப் பார்க்கும்போது இரண்டு நேரத்தையும் முதலில் யூடிசிக்கு மாற்றிவிடுங்கள். ஒரே மண்டலத்தில் இருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்தால் பைத்தான் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்க்கும். மார்ச் 6 மதியம் 1:30-லிருந்து மார்ச் 9 மதியம் 1:30 வரை நியூயார்க்கில் உண்மையில் 71 மணி நேரம்தான், அது 72 என்று சொல்லும்.

டெலிகிராம் செய்தியில் மாமாவுக்கு நம் நேரமே போகட்டும், அது அனுப்பும் கடைசி வரியில் மட்டும் மாற்றப்பட்டால் போதும். கூடவே சந்தைத் தேதியையும் போடுங்கள்: "நியூயார்க் வெள்ளி விலை, சனி அதிகாலை 12:20-க்குக் கிடைத்தது" என்பது போல. சனிக்கிழமை காலை அதைப் படிப்பவருக்கு எந்த நாள் விலை என்று சந்தேகமே வராது.

பழைய ஷீட்டைத் திருத்தும்போது நவம்பர் முதல் உள்ள தேதிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று கழித்துவிடாதீர்கள். திங்கள் வரிசைகள் ஞாயிறு என்று ஆகிவிடும். நியூயார்க் விடுமுறைக்கு அடுத்த நாள் வரிசைகளில் பழைய விலையே இரண்டாம் முறை பதிவாகி இருக்கும், அவற்றுக்குத் திருத்தும் தேதி என்று ஒன்று இல்லவே இல்லை, நீக்கத்தான் வேண்டும். அக்டோபர் 27-லிருந்து நீங்கள் மணியைத் தள்ளிய நாள் வரைக்கும் உள்ள சில வரிசைகள் வேறு விதத்தில் தவறு: அங்கே தேதி சரி, விலைதான் முந்தைய நாளுடையது. ஆகவே ஷீட்டின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, லண்டன், நியூயார்க் இரண்டுக்கும் அக்டோபர் 20 முதல் இன்றுவரை மூலத்திலிருந்து வியாபாரத் தேதியோடு புதிதாக இறக்கி, அந்தப் பகுதியை முழுவதுமாக மாற்றிவிடுங்கள். ஷாங்காய் வரிசைகளைத் தொட வேண்டியதில்லை.